முற்றம் ஒன்பது அடிதான்

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே வடக்குப் பார்த்த தெரு வீடு ஒன்று இருந்தது. வாசலில் திண்ணை, உள்ளே நுழைந்தால் ரேழி, அதைத் தாண்டினால் முற்றம். முற்றத்தின் இரு பக்கமும் தாழ்வாரம், மேற்கே கூடம், பின்னால் அடுக்களை, கடைசியில் கொல்லையும் கிணறும். 1974-ல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு மாடி கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் 1950-ல் பிறந்தவர், பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது 75 வயதில் அதைப் படமாக்கி வைக்க ஆசைப்படுகிறார். அக்காவின் பேத்தி கட்டடக்கலை படிக்கிறாள். அவர் சொல்லச் சொல்ல அவள் வரைகிறாள். ஒரு வாரம் கழித்துப் படத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யார் வீடு?" என்கிறார் தாத்தா.

இது கதைதான். அந்தப் பொறியாளரும் பேத்தியும் இந்தக் கட்டுரைக்காகப் பிறந்தவர்கள். ஆனால் அவருடைய வீட்டுக்கு நேர்கிற பிசகுகள் கற்பனையல்ல. நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பார்த்துவருபவை அவை. பொறியாளரை நாயகராக்கியதற்கும் காரணம் உண்டு. அளவு தெரியாதவர் "என்னவோ மாறியிருக்கு" என்று விட்டுவிடுவார். இவர் டேப்பை எடுக்காமல் விடமாட்டார்.

முதல் பிசகு தாத்தாவுடையதே அல்ல, பேத்தியுடையது. "பெரிய திண்ணை, மரத்தூண், வழவழன்னு தரை" என்று அவர் சொன்னார். அவள் பிறந்தது அடுக்குமாடிக் குடியிருப்பில். மரத்தூண் வைத்த திண்ணையை அவள் பார்த்ததெல்லாம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய புத்தகங்களில்தான். அதனால் படத்தில் தேக்குத் தூண்கள் கையகல மெருகோடு நிற்கின்றன. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்து நடுத்தரக் குடும்பத்து வீட்டில் இருந்ததோ, சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தரையும், கரையான் அரித்து ஒரு பக்கம் சாய்ந்த தூணும்.

கேட்பவர் தமக்குப் பழக்கமானதைக் கொண்டு இடைவெளியை நிரப்புவதை கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களைப் படிக்கச் செய்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதையில் இருந்த குறுகலான வள்ளம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. மாணவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உலகத்தில் இருந்த பொருள் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். "பெரிய திண்ணை" என்ற இரண்டு சொற்களில் உயரம், அகலம், தேய்மானம் எதுவுமே இல்லை. அவற்றை எங்கிருந்தாவது எடுத்துத்தானே பேத்தி வரைய வேண்டும்?

ஆகவே தாத்தா அளவுகளைச் சொல்லத் தொடங்குகிறார். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

"முற்றம் கிழமேல் பதினெட்டு அடி இருக்கும். ரெண்டு பக்கமும் தாழ்வாரம் அஞ்சஞ்சு அடி. மேற்கே கூடம் பத்தடி." அவள் கூட்டிப் பார்க்கிறாள். 18, 10, 10 சேர்ந்து 38. இரண்டு பக்கச் சுவருக்கும் ஒன்றரை ஒன்றரை அடி வைத்தால் 41. அக்காவிடமிருந்து வந்த கிரயப் பத்திர நகலில் நான்கெல்லைக்குக் கீழே இருப்பதோ, வடபுறம் கிழமேலடி 26. வீடு மனையைவிடப் பதினைந்து அடி பெரிது!

வாழ்நாளெல்லாம் எஸ்டிமேட் சரிபார்த்தவருக்கு இது பொறுக்குமா? இரண்டு நாள் யாரோடும் பேசாமல் பழைய கணக்குகளைப் புரட்டுகிறார். வீட்டை விற்றபோது எடுத்த மதிப்பீட்டுத் தாள் ஒன்று கிடைக்கிறது. அதன்படி முற்றம் 9 அடி, தாழ்வாரம் 3 அடி, கூடம் 8 அடி. சுவர்களோடு சேர்த்தால் சரியாக 26.

சின்ன வயதில் நாமும் சின்னவர்களாக இருந்தோம், அதனால் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது எப்படி நடக்கிறது என்பது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சங்கதி. கண்ணுக்குள் அடிக்கோல் எதுவும் இல்லை. ஒரு வாசல் எவ்வளவு அகலம் என்று பார்க்கும்போது, தரையிலிருந்து நம் கண் இருக்கிற உயரத்தையே மனம் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. வில்லியம் வாரன், சுஸான் வாங் என்ற ஆய்வாளர்கள் 1987-ல் இதைச் சோதித்தார்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் எதிரே இருந்த தரையை உயர்த்திவைத்தார்கள். தரையிலிருந்து கண்ணின் உயரம் குறைந்துவிட்டது. உடனே, நுழைய முடியாத இடுக்கான திறப்பைக்கூட நுழையலாம் என்று பலர் கணித்தார்கள். திறப்பு மாறவில்லை, அளவுகோல் குட்டையானது.

2011-ல் ஸ்டாக்ஹோமில் ஹென்ரிக் எர்சன் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். படுத்திருப்பவரின் கண்ணில் திரைக் கண்ணாடியை மாட்டி, தன் உடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மையின் உடல் தெரியும்படி செய்தார்கள். அவர் காலையும் பொம்மையின் காலையும் ஒரே நேரத்தில் குச்சியால் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பொம்மை உடலே தன் உடல் என்ற உணர்வு வந்துவிடுகிறது. பொம்மை சிறியதாக இருந்தபோது, எதிரே வைத்த பெட்டிகள் உண்மையைவிடப் பெரியவையாகவும் தொலைவில் இருப்பவையாகவும் தோன்றின. நான்கு மீட்டர் நீள ராட்சத உடலாக இருந்தபோது எல்லாம் சுருங்கிவிட்டன.

நம் பொறியாளருக்கு ஆறு வயதில் கண் மட்டம் சுமார் 3 அடி 4 அங்குலம் இருந்திருக்கும். வளர்ந்த பிறகு 5 அடி 1 அங்குலம். விகிதம் ஏறத்தாழ ஒன்றரை. ஒன்பது அடி முற்றத்தை ஒன்றரையால் பெருக்கினால் பதின்மூன்றரை வருகிறது. அவர் சொன்னதோ பதினெட்டு. கூடத்துக்குப் பெருக்கினால் பன்னிரண்டு வர வேண்டும், அவர் சொன்னது பத்து. முற்றம் இரண்டு மடங்காக வீங்கியிருக்கிறது, கூடம் கால் பங்குதான் வீங்கியிருக்கிறது. கண் மட்டம் மட்டுமே காரணம் என்றால் வீடு முழுக்க ஒரே சீராக அல்லவா பெரிதாகியிருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் மதுரையிலிருக்கும் அக்காவிடம் கிடைக்கிறது. அவருக்கு இவரைவிட ஆறு வயது அதிகம்.

"முத்தத்தை எங்கேடா நீ பார்த்தே? உனக்கு ஒம்பது வயசிலேயே அப்பா அதுக்கு மேலே தகரம் போட்டு, நெல்லு மூட்டை அடுக்கிட்டாரே" என்கிறார் போனில்.

1959-க்குப் பிறகு முற்றம் என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. ஆகவே வானம் தெரிந்த முற்றத்தைப் பற்றி அவரிடம் இருப்பதெல்லாம் ஒன்பது வயதுக்கு உட்பட்ட நினைவுதான். வளர்ந்த கண்ணால் அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கூடம் அப்படியில்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது அங்கேதான் படுத்தார், அக்காவின் கல்யாணத்துக்கு அங்கேதான் பந்தி பரிமாறினார். இருபத்துநான்கு வயதுவரை பார்த்துக்கொண்டே இருந்த இடம் மெல்ல மெல்ல உண்மை அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒன்று சொல்லிவிட வேண்டும்: வாரனும் எர்சனும் காட்டியது பார்க்கும்போது நடப்பதை. ஐம்பது, அறுபது ஆண்டுக்குப் பிறகு நினைவிலும் அதே விகிதம் அப்படியே தங்கும் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. ஒன்றரையால் வகுத்துத் தள்ளினால் உண்மை அளவு வந்துவிடும் என்று நினைப்பவர், பதினெட்டைப் பன்னிரண்டாக்கி இன்னொரு தவறான படத்தைத்தான் வரைவார்.

நிஜ வாழ்க்கையில் இதற்கு ஒரு பெயர்போன உதாரணம் உண்டு. இத்தாலியின் டஸ்கனி மலைகளில் பொந்திதோ என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்த ஃபிராங்கோ மன்யானி, பிழைப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பி சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறினார். 1960-களில் கடுமையான காய்ச்சலில் விழுந்து எழுந்தபின், ஊரின் ஒவ்வொரு சந்தும் படிக்கட்டும் கண்முன் வந்து நிற்க, வரையத் தொடங்கினார். வேறு எதையும் அவர் பெரிதாக வரையவில்லை. அந்நகரத்தின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் காட்சியகம் 1988-ல் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. அதற்காக சூசன் ஷ்வார்ட்சன்பெர்க் என்ற புகைப்படக் கலைஞர் பொந்திதோவுக்கே போய், ஓவியங்களில் இருந்த இடங்களைத் தேடிப் படம் எடுத்துவந்தார். ஓவியமும் புகைப்படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பின்னாளில் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் மன்யானியைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார்.

பார்த்தவர்கள் முதலில் அசந்துபோனது ஒற்றுமையைக் கண்டுதான். கல் வரிசை, ஜன்னல், வளைவு எல்லாம் அப்படியே. அப்புறம்தான் வேறுபாடுகள் தெரிந்தன. சில காட்சிகள் சிறுவனின் உயரத்திலிருந்து பார்த்தவை. சிலவற்றில், ஒரே இடத்தில் நின்று பார்க்கவே முடியாத இரண்டு மூன்று பார்வைகள் ஒரே ஓவியத்துக்குள் இணைந்திருந்தன. அந்தத் தெருவில் ஓடித் திரிந்தவனுக்கு இப்படி இருப்பதே இயல்பு என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை எந்த இடத்தையும் அசையாமல் நின்று பார்ப்பதில்லை. திரும்பினால் தெரிவதும் நாலு எட்டு நடந்தால் தெரிவதும் சேர்ந்துதான் அதற்கு ஒரு இடம்.

மறுபடி கும்பகோணத்துக்கு வருவோம். அளவுகள் திருந்திய பிறகும் தாத்தா ஒன்றை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். வீடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்ததாம், வாசற்படியில் நின்றால் கதவுக்குக் கதவு தாண்டிக் கொல்லைக் கிணறு தெரியுமாம். பேத்தி பத்திரத்தின் அடுத்த வரியைக் காட்டுகிறாள். தென்புறம் கிழமேலடி 21. முன்னால் 26, பின்னால் 21. மனை பின்னால் போகப் போகக் குறுகுகிறது. கிழக்குச் சுவர் உள்ளே சாய்ந்துதான் போயிருக்க வேண்டும், கிணறும் மேற்கே தள்ளித்தான் இருந்திருக்க வேண்டும்.

கோணலை நேராக்குவது எல்லோர் மனமும் செய்கிற வேலை. 1979-ல் பிரிட்டனில் ரிச்சர்ட் பைர்ன் என்பவர், ஊரில் நெடுநாள் வசித்தவர்களிடம் தெருச் சந்திப்புகளை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அறுபது, எழுபது டிகிரியில் சந்தித்த தெருக்களும், நூற்றுப்பத்துக்கு மேல் விரிந்து சந்தித்த தெருக்களும் தொண்ணூறுக்கு அருகிலேயே வந்து விழுந்தன. தினமும் நடந்த தெருவுக்கே இந்தக் கதி. நம் பொறியாளருக்கு இன்னொரு வினையும் உண்டு: முப்பத்தைந்து ஆண்டு செங்கோணமாகவே வரைந்த கை. அவருடைய தொழில் அறிவு நினைவைத் துல்லியமாக்கும் என்று நாம் எதிர்பார்த்தோம். அதுவோ கோணலான வீட்டைத் துறை விதிப்படி நிமிர்த்திக் கட்டிவிட்டது.

இந்த நேரத்தில் அக்கா வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படம் வந்து சேர்கிறது. 1963, அக்கா கல்யாணம், திண்ணையில் வரிசையாக நிற்கும் உறவினர். தாத்தா ஆறு தூண் சொல்லியிருந்தார், படத்தில் நான்கு. தூண் உயரம் பத்தடி என்று சொல்லியிருந்தார். அதைச் சரிபார்க்க அவர் செய்தது அழகான வேலை. தூணை ஒட்டி அவருடைய சித்தப்பா நிற்கிறார், ஐந்தரை அடி உயரம். படத்தில் சித்தப்பா 2.4 சென்டிமீட்டர், தூண் 3 சென்டிமீட்டர். ஐந்தரையை மூன்றால் பெருக்கி 2.4-ஆல் வகுத்தால் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. இதில் ஒரே நிபந்தனைதான். அளவாக வைக்கிற ஆளும் அளக்கிற பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனை வைத்துத் தூணை அளந்தால், பையன் பெரிதாகத் தெரிவதால் தூண் குட்டையாகிவிடும்.

புகைப்படத்தை அப்படியே நம்பலாமா? அன்றைக்கு மட்டும் அந்தத் திண்ணை எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. பந்தலுக்காக இரண்டு தூணை மறைத்திருக்கிறார்களா என்று படத்தின் ஓரத்தைப் பார்த்தார் தாத்தா. மறைக்கவில்லை. நான்குதான்.

புகைப்படத்தைவிட ஆபத்தானது பேத்தியின் படம். அளவெல்லாம் திருத்தி, வெயிலும் நிழலும் போட்டு, முற்றத்தில் துளசி மாடம் வைத்து அவள் கொடுத்த புதுப் படத்தைத் தாத்தா வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிறார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், துளசி மாடத்துக்கு அம்மா தண்ணீர் ஊற்றியதை வந்தவர்களிடம் விவரித்துக்கொண்டிருக்கிறார். துளசி மாடத்தை அவர் ஒருபோதும் பேத்தியிடம் சொல்லவில்லை. பழைய வீடென்றால் இருக்கும் என்று அவளாக வைத்தது அது.

கதைக்காக மிகைப்படுத்தியது போலத் தோன்றலாம். கிம்பர்லி வேட் என்பவரும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதைவிட முரட்டுத்தனமாகவே செய்தார்கள். இருபது பேருடைய சிறு வயதுப் புகைப்படங்களைக் குடும்பத்தாரிடம் வாங்கி, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பதுபோல் ஒட்டி ஒரு பொய்ப் படம் தயாரித்தார்கள். யாருமே பலூனில் ஏறியவர்கள் அல்லர். உண்மைப் படங்களோடு இதையும் கலந்து காட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் மூன்று முறை பேட்டி எடுத்தார்கள். பாதிப் பேர், முழுதாகவோ அரைகுறையாகவோ, அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்தார்கள்.

பொதுப்பணித்துறையில் எம்-புக் என்று ஒரு அளவுப் புத்தகம் உண்டு. எழுதிய அளவை அழிப்பானால் அழிக்கக்கூடாது. தவறென்றால் ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய அளவு கோட்டுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். நினைவுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. பழையதன் மேலேயே எழுதிவிட்டு, முதலிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று சாதிக்கும்.

அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய வீட்டைக் கேட்டு எழுத நினைப்பவர்கள், வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்படத்தை முதலில் காட்டக்கூடாது. காட்டிவிட்டால் அதற்குப் பிறகு வருவது வீட்டின் நினைவா, படத்தின் நினைவா என்று பிரிக்க முடியாது. முதலில் அவரே, கோணலோ மாணலோ, ஒரு தாளில் போடட்டும், அதில் தேதி எழுதி எடுத்துவைத்துவிட வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டமாக உட்கார்ந்து பேசினால் சத்தமாகப் பேசுகிறவரின் வீடுதான் எல்லோர் வீடும் ஆகும். "துளசி மாடம் இருந்ததா?" என்று கேட்பதைவிட "முற்றத்தில் என்னென்ன இருந்தது?" என்று கேட்பது நல்லது. அளவு கேட்கும்போது அடிக்கணக்கு கேட்டுப் பயனில்லை. "படுத்தால் கால் எதில் இடிக்கும்?", "எட்டிப் பிடிக்க முடிந்ததா?", "எத்தனை பாய் விரித்தீர்கள்?" என்று உடம்போடு சேர்ந்த கேள்விகளாகக் கேட்டு, எந்த வயதில் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் பிறகு கணக்குப் போடலாம். பத்திரம், வரி ரசீது, மதிப்பீட்டுத் தாள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வெளியே வர வேண்டும்.

பேத்தி இப்போது இரண்டு படங்களாக வைத்திருக்கிறாள். ஒன்றின் மூலையில் "தாத்தா சொன்னபடி", இன்னொன்றில் "பத்திரப்படி". துளசி மாடத்தை இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டாள். தாத்தாவுக்கு அதில் வருத்தம். மாடம் நிச்சயமாக இருந்தது என்று அடித்துச் சொல்கிறார். அக்காவிடம் கேட்கலாம் என்றால், அக்கா போன மாதம் இங்கே வந்திருந்தபோது வரவேற்பறையில் அந்தப் படத்துக்கு எதிரில்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.